எந்த வீடியோ வாடிக்கையாளரைக் கூட்டி வந்தது? வீடியோவுக்கு ஒரு கூப்பன், வீடியோவுக்கு ஒரு லிங்க்: முழு வழிகாட்டி

ராயபுரத்தில் என் அண்ணி வீட்டிலிருந்தே நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, இறால் தொக்கு, சென்னாக்குன்னிப் பொடி மூன்றும் செய்து விற்கிறார். சரக்கு காசிமேட்டில் வாங்குவது, ஆர்டர் வாட்ஸ்அப்பில் வருவது, விளம்பரம் என்றால் வீடியோ மட்டும்தான். நான் வேலை முடிந்து சாயங்காலம் வந்து கடை போனையும் கணக்கு ஷீட்டையும் பார்த்துக்கொள்கிறேன். ரொம்ப நாளாக அண்ணி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்: "இத்தனை வீடியோ போடறமே தம்பி, எதைப் பார்த்துட்டு வாங்க வர்றாங்க?" வியூஸ் அதிகமாகப் போன வீடியோதான் ஆள் கொண்டுவருகிறது என்று நாங்களாகவே நினைத்திருந்தோம். எண்ணிப் பார்த்தபோது அப்படி இல்லை. எப்படி எண்ணினோம் என்பதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன், வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கும் சின்ன வியாபாரத்தை மனதில் வைத்து. வெப்சைட் இருப்பவர்களுக்கும் நடுவில் ஒரு பகுதி இருக்கிறது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு வீடியோவுக்கும் தனியாக ஒரு கூப்பன் சொல் வைக்க வேண்டும், அதே சொல் லிங்க்கிலும் ஒளிந்திருக்க வேண்டும், வாங்க வருபவர் அந்தச் சொல்லோடு வந்தால் எந்த வீடியோ என்று தெரிந்துவிடும். முதல் தடவை நாங்கள் எல்லா வீடியோவிலும் ஒரே கூப்பனைச் சொன்னோம். இரண்டு மாதம் கழித்துத் தெரிந்ததெல்லாம் "வீடியோ பார்த்து இத்தனை பேர் வந்தார்கள்" என்பது மட்டும்தான். அடுத்து எந்த மாதிரி வீடியோ எடுக்கலாம் என்பதற்கு அதில் பதிலே இல்லை. கூப்பன் வைக்கிறவர்களில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

முதலில் சொல்லைத் தேர்ந்தெடுங்கள், இதில் அவசரப்படாதீர்கள்

கூப்பன் சொல் என்பது கேட்டவுடன் ஒரே மாதிரிதான் எழுத முடிகிற சொல்லாக இருக்க வேண்டும். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். நாங்கள் முதலில் NETHILI என்று வைத்தோம். வந்த மெசேஜ்களில் NETTHILI, NETHLI, NETILI, நெத்திலி என்று ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் மனிதர் படிப்பதால் பரவாயில்லை, புரிந்துகொண்டோம். அதுவே வெப்சைட்டில் பெட்டிக்குள் அடிக்கிற கூப்பனாக இருந்திருந்தால் ஓர் எழுத்து மாறினாலும் செல்லாது என்று வந்திருக்கும், வாங்க வந்தவர் கோபித்துக்கொண்டு போயிருப்பார், நமக்கும் அந்த எண்ணிக்கை கிடைத்திருக்காது. ழ, ற, த் மாதிரி ஒலி வரும் சொற்கள் எல்லாமே இந்தச் சிக்கலைக் கொடுக்கும்.

அதனால் போர்டுகளில் தினமும் பார்க்கிற சின்ன ஆங்கிலச் சொற்களுக்கு மாறினோம்: BOAT, RICE, CLEAN. மூன்று முதல் ஐந்து எழுத்து, ஸ்பெல்லிங் எல்லோருக்கும் தெரியும், வீடியோவில் என்ன வருகிறதோ அதையே சொல்லும். படகு வருகிற வீடியோவுக்கு BOAT என்றால் பார்த்தவருக்கு இரண்டு நாள் கழித்தும் ஞாபகம் இருக்கிறது. எண் சேர்க்கவே வேண்டுமானால் பூஜ்யத்தையும் ஒன்றையும் விட்டுவிடுங்கள், அவை O, I என்ற எழுத்துகளோடு குழம்பும். B7, B8 என்று வரிசை எண் வைப்பது நமக்கு வசதி, ஆனால் பார்க்கிறவர் மனதில் அது நிற்காது, பக்கத்து வீடியோவின் எண்ணை மாற்றியும் அடித்துவிடுவார்.

எவ்வளவு தள்ளுபடி?

எல்லா வீடியோவுக்கும் ஒரே சலுகைதான். இதை மட்டும் மீறவே கூடாது. ஒரு வீடியோவில் 10 ரூபாயும் இன்னொன்றில் 40 ரூபாயும் குறைத்தால், பிறகு வருகிற எண்ணிக்கை வீடியோவைப் பற்றிச் சொல்கிறதா தள்ளுபடியைப் பற்றிச் சொல்கிறதா என்று பிரிக்கவே முடியாது.

தொகையை லாபத்திலிருந்து பார்த்து முடிவு செய்யுங்கள், விலையிலிருந்து அல்ல. எங்கள் 250 கிராம் பாட்டில் 240 ரூபாய். கருவாடு, எண்ணெய், பாட்டில், பேக்கிங் எல்லாம் போக நிற்பது 90 ரூபாய். 10 சதவீதம் என்று சொன்னால் கேட்க லேசாக இருக்கும், ஆனால் 24 ரூபாய் போகிறது, அதாவது லாபத்தில் கால் பங்குக்கும் மேல். கூப்பன் இல்லாவிட்டாலும் எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவருக்கும் அதே 24 ரூபாய் போகும். அதனால் அண்ணி தள்ளுபடிக்குப் பதில் சின்னப் பாக்கெட் சென்னாக்குன்னிப் பொடி ஒன்றை இலவசமாகப் போடலாம் என்றார். எங்களுக்கு அது 8 ரூபாய்க்கு அடங்குகிறது, வாங்குபவருக்கு அது பெரிதாகத் தெரிகிறது, அதை ருசி பார்த்துவிட்டு அடுத்த முறை பொடியையே தனியாகக் கேட்பவர்களும் உண்டு. ஏதோ ஒன்று கட்டாயம் கொடுக்க வேண்டும், ஒன்றுமே கிடைக்காது என்றால் யாரும் கூப்பனை மெனக்கெட்டுச் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் லிங்க்

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரிந்து இல்லை. wa.me என்று தொடங்கும் லிங்க்கில் முன்கூட்டியே ஒரு மெசேஜை எழுதி வைக்கலாம். தட்டியவுடன் உங்கள் எண்ணுக்கான சாட் திறந்து, டைப் செய்யும் இடத்தில் அந்த வரி தயாராக நிற்கும், அவர் அனுப்பும் பட்டனை அழுத்தினால் போதும். அந்த வரியில் வீடியோவின் சொல்லை வைத்துவிட வேண்டியதுதான்.

```
https://wa.me/91XXXXXXXXXX?text=CLEAN%20-%20Thokku%20order
```

91-க்குப் பிறகு உங்கள் 10 இலக்க எண், முன்னால் கூட்டல் குறியோ பூஜ்யமோ நடுவில் இடைவெளியோ கூடாது. வார்த்தைகளுக்கு நடுவே இடைவெளி வேண்டிய இடத்தில் %20 போட வேண்டும். மெசேஜைத் தமிழிலும் வைக்கலாம், ஆனால் லிங்க் அரைப் பக்கத்துக்கு நீளும், எங்காவது பாதியில் வெட்டுப்படும், ஆகவே ஆங்கில எழுத்திலேயே சுருக்கமாக வையுங்கள். சொல் முதலில் வரட்டும். சிலர் பின்னால் இருப்பதை அழித்துவிட்டுத் தாங்கள் கேட்க வந்ததை எழுதுவார்கள், அப்போதும் முதல் சொல் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது.

எத்தனை பேர் லிங்க்கைத் தட்டினார்கள் என்று இந்த லிங்க் உங்களுக்குச் சொல்லாது. அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, நமக்கு வேண்டியது வந்து சேர்ந்த மெசேஜும் அதில் எத்தனை பார்சல் ஆனது என்பதும்தான்.

லிங்க் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பது தெரியாமல் நிறைய உழைப்பு வீணாகிறது. யூட்யூபில் நீள வீடியோவின் விவரப் பகுதியிலும் பின் செய்த கமென்ட்டிலும் போட்ட லிங்க்கைத் தட்டலாம். ஷார்ட்ஸில் அப்படி இல்லை, 2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து அங்கே விவரத்திலும் கமென்ட்டிலும் போடும் லிங்க் வெறும் எழுத்தாகத்தான் நிற்கும். இன்ஸ்டாகிராம் ரீல்ஸின் கேப்ஷனும் அதே கதை. பயோவில் லிங்க் போடலாம்தான், ஆனால் எல்லா ரீல்ஸும் பார்த்தவர்கள் அந்த ஒரே வாசல் வழியாக வருவார்கள், எந்த ரீல் அனுப்பியது என்று அது சொல்லாது. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் வைத்தால் அதற்குத் தனி லிங்க் கொடுக்கலாம்.

ஆகவே நீள வீடியோவுக்கு லிங்க்கும் கூப்பனும், ஷார்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் கூப்பன் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் யூட்யூப் பார்ப்பவர்கள் இப்போது அதிகம், அவர்களால் எதையும் தட்ட முடியாது. நீள வீடியோவில் அந்த வீடியோவின் லிங்க்கையே க்யூஆர் ஆக்கி ஒரு மூலையில் 10 விநாடியாவது காட்டினால், சோபாவில் உட்கார்ந்தபடியே போனை நீட்டிப் பிடித்துவிடுவார்கள்.

வெப்சைட் இருந்தால்

ஒவ்வொரு வீடியோவுக்கும் உங்கள் பக்கத்தின் முகவரியோடு utm குறிப்புகளைச் சேர்த்து லிங்க் போட வேண்டும்:

```
https://ungalkadai.example/thokku?utm_source=youtube&utm_medium=video&utm_campaign=thokku&utm_content=clean
```

இதில் utm_content என்ற இடத்தில்தான் வீடியோவின் சொல் வருகிறது. மற்றவை எந்தத் தளம், என்ன வகை, எந்தப் பொருள் என்று பிரிப்பதற்கு. எல்லாவற்றையும் சின்ன எழுத்திலேயே அடியுங்கள், ஏனென்றால் வெப்சைட்டுக்கு வருபவர்களை எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸ் Clean, clean இரண்டையும் வேறு வேறாக எண்ணும். பிறகு Traffic acquisition என்ற அறிக்கையில் Session manual ad content என்பதை + குறி வழியாகச் சேர்த்தால் சொல் வாரியாகப் பிரிந்து வரும். இந்த utm குறிப்புகளை wa.me லிங்க்கில் ஒட்டிப் பயனில்லை, அங்கே நமக்குத் திரும்பி வருவது மெசேஜின் எழுத்து மட்டும்தான்.

இந்த லிங்க் முறையில் ஓட்டை ஒன்று இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் தட்டினால் பக்கம் அந்த ஆப்பின் உள்ளேயே திறக்கும். பார்த்துவிட்டு மூடிவிட்டு, மறுநாள் குரோமில் உங்கள் கடைப் பெயரைத் தேடி வந்து வாங்கினால், அனலிட்டிக்ஸுக்கு இரண்டும் ஒரே ஆள் என்று தெரியாது, நேற்றைய வீடியோவுக்கு அந்த விற்பனை சேராது. அதனால் வெப்சைட் இருந்தாலும் கூப்பனை விட்டுவிடாதீர்கள். கூப்பன் மனிதரின் ஞாபகத்தில் பயணிக்கிறது, எந்தப் போனில் எந்த ஆப்பில் வாங்கினாலும் கூட வரும்.

வீடியோவில் எப்படிச் சொல்வது

கூப்பனைக் கடைசியில் மட்டும் சொன்னால் பாதிப் பேர் அதற்குள் தள்ளிவிட்டுப் போயிருப்பார்கள். பொருள் முதன்முதலாகத் திரையில் தெளிவாகத் தெரிகிற இடம்தான் சரியான இடம், எங்கள் வீடியோவில் அது பாட்டிலைத் திறக்கிற நேரம். வாயால் சொல்லுங்கள், எழுத்தாகவும் 4 விநாடி காட்டுங்கள். ரீல்ஸிலும் ஷார்ட்ஸிலும் கீழ்ப்பகுதியைக் கேப்ஷனும் வலது ஓரத்தைப் பட்டன்களும் மறைக்கும், ஆகவே எழுத்தைத் திரையின் நடுவிலோ கொஞ்சம் மேலேயோ வையுங்கள். போட்ட பிறகு வேறொரு போனில் திறந்து பாருங்கள், எடிட் செய்யும்போது தெரிந்தது அங்கே தெரியாமல் போகலாம்.

"RICE-னு வாட்ஸ்அப் பண்ணுங்க, ஒரு பாக்கெட் சென்னாக்குன்னிப் பொடி சேர்த்து அனுப்பறோம்" என்று அண்ணி சொல்வார். என்ன செய்ய வேண்டும், என்ன கிடைக்கும், அவ்வளவுதான் அந்த வரி. கூப்பன் வீடியோவுக்குள்ளேயே பதிந்திருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. யாராவது வீடியோவை டவுன்லோட் செய்து குடும்ப குரூப்பில் போட்டாலும் சொல் கூடவே போகிறது, லிங்க் போகாது.

ஒரே வீடியோவை இன்ஸ்டாகிராமிலும் ஷார்ட்ஸிலும் போடுகிறீர்கள் என்றால், உங்கள் கேள்வி எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எந்த வீடியோ என்பதுதான் கேள்வி என்றால் இரண்டிலும் ஒரே சொல் போதும். எந்தத் தளம் என்பதையும் சேர்த்துக் கேட்டால் சொற்கள் இரட்டிப்பாகும், ஒவ்வொன்றிலும் விழும் எண்ணிக்கை பாதியாகும், சின்ன வியாபாரத்தில் பிறகு எதுவுமே தெளிவாகாது. நாங்கள் வீடியோவை மட்டும் கேட்டோம்.

ஷீட்

கூகுள் ஷீட்டில் ஆர்டருக்கு ஒரு வரி. A-யில் தேதி, B-யில் போன் எண், C-யில் கூப்பன் சொல், D-யில் தொகை, E-யில் புதியவரா பழையவரா, F-யில் அந்தச் சொல் எப்படித் தெரிந்தது: லிங்க்கில் வந்ததா, அவரே சொன்னாரா, நாம் கேட்டுத் தெரிந்துகொண்டோமா. இதற்கு மேல் பத்தி சேர்க்காதீர்கள், சேர்த்தால் பத்து நாளில் நிரப்புவதை நிறுத்திவிடுவீர்கள். பார்சல் பணம் வந்த பிறகுதான் வரி சேர்க்க வேண்டும், "விலை என்ன" என்று கேட்டுவிட்டுப் போனவர் இதில் வரக்கூடாது.

புதியவரா என்பதைப் போன் எண்ணை வைத்து ஷீட்டே சொல்லும். இதை இரண்டாவது வரியில் E2-வில் போட்டு கீழே இழுத்துவிடுங்கள்:

```
=IF(COUNTIF($B$2:B2,B2)=1,"new","old")
```

ஓர் எண் முதல் தடவை வரும்போது new, அதற்குப் பிறகு old. இது சரியாக வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். எல்லா எண்ணையும் ஒரே மாதிரி, 10 இலக்கமாக மட்டும் எழுத வேண்டும். அதோடு, பழைய வாடிக்கையாளர்களின் ஆர்டர்களை முதலில் மேலே ஏற்றிவிட வேண்டும், இல்லையென்றால் மூன்று வருஷமாக வாங்குகிற பெரம்பூர் அக்காவும் புதியவராகக் கணக்கில் வந்துவிடுவார். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும், ஆனால் பழையவர்கள்தான் நம் எல்லா வீடியோவையும் பார்க்கிறார்கள், கூப்பனையும் முதலில் பயன்படுத்துகிறார்கள். அவர்களைப் பிரிக்காவிட்டால் எல்லா வீடியோவும் நன்றாக வேலை செய்வது போலவே தோன்றும்.

வீடியோ போட்ட தேதியை H2-வில் எழுதி, முதல் 14 நாளில் அந்தச் சொல்லோடு வந்த புதியவர்களை எண்ண:

```
=COUNTIFS(C:C,"RICE",E:E,"new",A:A,">="&H2,A:A,"<="&H2+13)
```

14 நாள் என்று வெட்டுவதற்குக் காரணம் உண்டு. மூன்று மாதம் முன்பு போட்ட வீடியோவையும் போன வாரம் போட்டதையும் மொத்த எண்ணிக்கையில் ஒப்பிட்டால் பழையதுதான் ஜெயிக்கும். எல்லாவற்றுக்கும் ஒரே வயதில் கணக்குப் பார்க்க வேண்டும். யூட்யூப் நீள வீடியோ மாதக்கணக்கில் ஆள் அனுப்பும் என்பதால் ஒவ்வொரு வீடியோவையும் 14 நாள் முடிந்ததும் ஒரு முறை, 60 நாள் முடிந்ததும் ஒரு முறை பார்க்கிறோம். வாட்ஸ்அப் பிசினஸில் சாட்டுக்கு லேபிள் ஒட்டும் வசதி இருக்கிறது, அண்ணி மெசேஜைப் பார்த்தவுடன் BOAT, RICE என்று லேபிள் ஒட்டிவிடுவார், நான் இரவில் ஷீட்டில் ஏற்றிவிடுவேன்.

சொல் இல்லாமல் வருபவர்கள்

நல்ல பங்கு ஆர்டர் எந்தச் சொல்லும் இல்லாமல் வரும். "அக்கா, நெத்திலித் தொக்கு ரெண்டு வேணும்", அவ்வளவுதான். இவர்களை விட்டுவிட்டால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும், ஏனென்றால் சொல்லை மறப்பது எல்லா வீடியோவிலும் ஒரே அளவில் நடப்பதில்லை. ரீலைத் தள்ளிக்கொண்டே பார்த்தவர் மறப்பார், சமையல் வீடியோவை உட்கார்ந்து பார்த்தவர் மறக்க மாட்டார். அதனால் பணம் அனுப்பச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி: "நம்மள எப்படித் தெரிஞ்சுது, ஏதாச்சும் வீடியோ பார்த்தீங்களா?" பட்டியல் கொடுத்துக் கேட்காதீர்கள், கொடுத்தால் முதலில் இருப்பதைச் சொல்லிவிடுவார்கள். ஞாபகமில்லை என்றால் ஞாபகமில்லை என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். பதில் சொன்னவருக்கும் பாக்கெட் பொடி உண்டு.

எங்கள் கணக்கு

மூன்று வீடியோ. BOAT என்பது விடியற்காலையில் காசிமேடு துறைமுகத்தில் மீன் ஏலம் நடக்கும் ரீல். RICE, சுடுசோற்றில் தொக்கைப் பிசைந்து சாப்பிடும் ஷார்ட்ஸ். CLEAN, நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, வெந்நீரில் அலசி, வாடை இல்லாமல் எப்படி எடுப்பது என்று அண்ணி நிதானமாகக் காட்டும் 9 நிமிட யூட்யூப் வீடியோ. முதல் 14 நாளில் BOAT 1,80,000 பேர் பார்த்தார்கள், RICE 42,000, CLEAN வெறும் 6,400. கூப்பனோடோ லிங்க்கிலோ வந்து வாங்கிய புதியவர்கள் முறையே 11, 9, 34.

இந்த இடத்தில் துள்ளிக் குதிக்காமல் ஒரு சோதனை செய்ய வேண்டும், ஏனென்றால் சின்ன எண்கள் தற்செயலாகவே மேலும் கீழும் ஆடும். கைக்கணக்கு ஒன்று இருக்கிறது. இரண்டு எண்களையும் கூட்டி, அதற்கு வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்குங்கள். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிட அதிகமாக இருந்தால்தான் நம்பலாம். BOAT, CLEAN இரண்டும் சேர்த்து 45, வர்க்கமூலம் 6.7, இரண்டு மடங்கு 13.4. வித்தியாசம் 23. ஆகவே CLEAN உண்மையிலேயே முந்துகிறது. BOAT, RICE சேர்த்து 20, வர்க்கமூலம் 4.5, இரண்டு மடங்கு 9. வித்தியாசம் 2 மட்டுமே. இந்த இரண்டில் எது மேல் என்று எங்களால் சொல்ல முடியாது. அண்ணி அப்போது "RICE-ஐ விட்டுடலாமா?" என்று கேட்டார், வேண்டாம் என்றேன்.

சொல் இல்லாமல் வந்த புதியவர்கள் 16 பேர். கேட்டதில் 10 பேர் "அந்த ஏலம் வீடியோ" என்றார்கள், 4 பேர் கருவாடு அலசுகிற வீடியோ, 2 பேருக்கு ஞாபகமில்லை. சேர்த்தால் BOAT 21, CLEAN 38, RICE 9. ஏல வீடியோவின் எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிவிட்டது பாருங்கள். கேட்காமல் விட்டிருந்தால் அதை ஒன்றுக்கும் உதவாத வீடியோ என்று ஒதுக்கியிருப்போம்.

அதற்கு மேலும் ஒன்று இருந்தது. CLEAN சொல்லி வந்தவர்களில் சிலரிடம் அண்ணி பேச்சுவாக்கில் கேட்டபோது, முதலில் ஏலம் ரீலைப் பார்த்துவிட்டு, பக்கத்துக்குள் வந்து தேடி, அப்புறம்தான் அலசுகிற வீடியோவைப் பார்த்தேன் என்றார்கள். கூப்பன் கடைசியாகப் பார்த்த வீடியோவுக்குத்தான் பெயர் வாங்கிக் கொடுக்கும், முதலில் கையைப் பிடித்து அழைத்து வந்தது எது என்று காட்டாது. இந்த முறையின் பெரிய எல்லை இதுதான், எந்த ஷீட்டாலும் இதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஆனால் ஒன்று செய்யலாம்: ஏல ரீல் போடாத இரண்டு வாரத்தில் CLEAN எண்ணிக்கை இறங்குகிறதா என்று பார்க்கலாம். எங்களுக்கு இறங்கியது. ஆகவே ஏல ரீலை நிறுத்தவில்லை, ஆனால் அதன் முடிவில் கூப்பனோடு "கருவாடு அலசறத யூட்யூப்ல காட்டியிருக்கேன்" என்று ஒரு வரி சேர்த்தோம்.

60 நாள் கழித்துப் பார்த்ததில் CLEAN வழியாக வந்த 38 பேரில் 13 பேர் மறுபடி வாங்கியிருந்தார்கள், BOAT வழியாக வந்த 21 பேரில் 3 பேர். வீட்டில் கருவாடு சமைக்கிறவர்கள் CLEAN பார்க்கிறார்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் BOAT பார்க்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கணக்கைக் கெடுக்கும் விஷயங்கள்

எங்கள் பொருளுக்கு மாதம் ரொம்ப முக்கியம். வருஷா வருஷம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இந்தக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது பச்சை மீன் வரத்து குறைந்து விலை ஏறும், கருவாட்டின் பக்கம் ஆட்கள் திரும்புவார்கள். புரட்டாசியில் நேர் எதிர், பாதி வீட்டில் அசைவமே இல்லை. மே மாதம் போட்ட வீடியோவையும் புரட்டாசியில் போட்ட வீடியோவையும் ஒப்பிட்டு ஒன்று நல்லது ஒன்று மோசம் என்று சொன்னால் அது வீடியோவின் தீர்ப்பே அல்ல. ஒப்பிட நினைக்கிற வீடியோக்களைப் பத்து நாள் இடைவெளிக்குள் போடுங்கள். உங்கள் பொருள் துணி என்றால் தீபாவளி, நோட்டுப் புத்தகம் என்றால் ஜூன், அப்படி யோசித்துக்கொள்ளுங்கள்.

கூப்பன் வெளியே கசிவது அடுத்தது. ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரத்தில் 7 ஆர்டர் RICE என்று வந்தது. வீடியோவின் வியூஸ் அன்று ஏறவே இல்லை, ஏழு முகவரியும் ஒரே பின்கோடு. கேட்டால் அடுக்குமாடிக் குடியிருப்பு குரூப்பில் ஒருவர் "RICE-னு சொன்னா பொடி ஃப்ரீ" என்று போட்டிருக்கிறார். வியாபாரத்துக்கு சந்தோஷம்தான், ஆனால் வீடியோ கணக்கில் சேரக்கூடாது. பொடியைக் கொடுத்துவிட்டு, C பத்தியில் RICE என்பதற்குப் பதில் RICE-FWD என்று எழுதிவிட்டோம். திடீர் ஏற்றம், ஒரே பகுதி, வியூஸில் அசைவில்லை: இந்த மூன்றும் சேர்ந்தால் கசிவு என்று சந்தேகப்படுங்கள்.

கூப்பனுக்குக் காலக்கெடு வைக்கலாமா என்று கேட்பார்கள். வீடியோ இரண்டு வருஷம் கழித்தும் யாரோ ஒருவருக்கு ஓடும், அவர் ஆசையாக வந்து சொல்லும்போது முடிந்துவிட்டது என்றால் ஆளே போய்விடுவார். நாங்கள் கெடு வைப்பதில்லை, ஒருவருக்கு ஒரு தடவை என்று மட்டும் வைத்திருக்கிறோம். அதே காரணத்தால் ஒரு தடவை பயன்படுத்திய சொல்லை வேறு வீடியோவுக்கு எடுக்கவும் கூடாது. ஷீட்டில் தனித் தாளில் சொல், வீடியோ, போட்ட தேதி என்று ஒரு பதிவு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்களுக்கு இருக்கும் கேள்வி, CLEAN ஜெயித்தது அந்த ஒரு வீடியோவாலா, அந்த மாதிரி வீடியோவாலா என்பது. ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் இறால் சுத்தம் செய்வதற்கு ஒன்று, வஞ்சிரக் கருவாட்டின் உப்பை இறக்குவதற்கு ஒன்று என்று இரண்டு நீள வீடியோ எடுத்து, PEEL, SALT என்று சொல் கொடுத்து, அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் போடுகிறோம். நடுவில் துறைமுக ரீல் ஒன்று, அதற்கு NET.